42 வீட்டுச் சாரெ

கார்த்திகை பிரம்மோற்சவத்தின் ஒன்பதாம் நாள் பஞ்சமி தீர்த்தம். அன்று காலை திருமலையிலிருந்து திருச்சானூர் தாயாருக்குச் சாரெ வரும். பட்டு, மஞ்சள், குங்குமம், துளசி மாலை, ஆபரணம், அவற்றோடு பிரசாதம். மலைமேல் கோயிலில் கட்டிப் புறப்படும் சீர் அலிபிரி வழியாக இறங்கி, யானை, மேளம், கோவிந்தா முழக்கத்தோடு ஊருக்குள் நுழையும்போது பத்ம சரோவரத்தைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. பத்மாவதி அந்தக் குளத்தில் தாமரைமேல் தோன்றியது கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியில் என்பது ஐதீகம். பிறந்த நாளுக்குக் கணவன் வீட்டிலிருந்து வருகிற சீர் அது.

மனிதர் வீடுகளில் சாரெ எதிர்த்திசையில் போகும். பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணோடு அனுப்ப வேண்டும். கல்யாணம் முடிந்து போகும்போது ஒரு தரம், சீமந்தத்துக்கு ஒரு தரம், பிள்ளை பெற்றுத் திரும்பும்போது ஒரு தரம். நம் பக்கத்துச் சீர் பட்சணமும் இதுவும் அக்கா தங்கைதான். திருப்பதி, சித்தூர்ப் பக்கத் தமிழ் வீடுகளில் இரண்டு பெயரும் மாறி மாறிப் புழங்கும். ஒரு விஷயத்தில் மட்டும் சாரெ கறாரானது. அது மாமியார் வீட்டுக் கூடத்தோடு நிற்காது. மாமியார் அதைத் தெருவுக்குப் பங்கு போட்டு வீடு வீடாக அனுப்ப வேண்டும். அனுப்பும் பலகாரத்தைத் தின்று பார்த்துத்தான் மருமகள் எப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்று தெரு முடிவு செய்யும். ஆகவே பெண்ணின் அம்மா சமையல் மாஸ்டரிடம் பேசுவதற்கு முன்னால் சம்பந்திக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“எத்தனை வீடு வதினா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மனசுக்குள் நடந்து எண்ணிக்கொண்டிருப்பாள். “எங்களையும் சேர்த்து நாற்பத்திரண்டு” என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த நாற்பத்திரண்டைப் பற்றியதுதான்.

பலகாரம் நாலு வகை. பூந்தி லட்டு, மைசூர்பாகு, முறுக்கு, மிக்சர். செய்து முடித்து எடை போட்டால் லட்டுக்கான பாகேறிய பூந்தி 8.6 கிலோ, மைசூர்பாகு 6.5 கிலோ, முறுக்கு 3.9 கிலோ, மிக்சர் 11 கிலோ. மொத்தம் 30 கிலோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வகுத்துச் சொல்லிவிடும், வீட்டுக்கு 714 கிராம் என்று. ஆனால் 714 கிராம் பெட்டி நாற்பத்திரண்டை யாராலும் கட்ட முடியாது. பலகாரம் தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை. லட்டு லட்டாக வருகிறது. முறுக்கு முறுக்காக வருகிறது. வகுத்தல் கணக்கு மிக்சருக்கு மட்டும்தான் சரியாகப் பொருந்தும்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மலைமேல் பொட்டுவில் இருக்கிறார்கள். மடைப்பள்ளிக்கு அங்கே பொட்டு என்று பெயர். எந்தப் பிரசாதத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்ற அளவுப்பட்டியல்தான் திட்டம். லட்டுக்குப் பலகாலமாக எடுத்துக்காட்டப்படும் திட்டக் கணக்கு ஒன்று உண்டு. 5,100 லட்டுக்குக் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, நெய் 165 கிலோ, முந்திரி 30 கிலோ, திராட்சை 16 கிலோ, கல்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. கூட்டினால் 803 கிலோ. எதற்கு இந்த 5,100 என்றால், அங்கே எண்ணிக்கையின் அடி 51. ஒரு படி என்றால் 51 உருப்படி. நூறு படிக்கு 5,100. அந்தச் சமையல்காரர்கள் கிலோவில் தொடங்கி லட்டில் முடிப்பதில்லை. லட்டு எத்தனை என்பதில் தொடங்கிக் கிலோவுக்கு வருகிறார்கள்.

803 கிலோவை 5,100ஆல் வகுத்தால் லட்டுக்கு 157 கிராம் சில்லறை. பக்தர் கைக்கு வரும் பெரிய லட்டு 175 கிராம் என்பார்கள். மாவு கூடவில்லை, சர்க்கரையும் கூடவில்லை. பாகு காய்ச்ச ஊற்றும் தண்ணீர் திட்டத்தில் ஏறுவதில்லை, அதில் ஒரு பங்கு லட்டுக்குள் தங்கிவிடுகிறது. பொரிக்கிற பலகாரத்திலோ இதற்கு நேர்மாறு. முறுக்கு மாவில் பிசைந்த தண்ணீர் எண்ணெய்ச் சட்டியில் குமிழியாகப் போய்விடும், பதிலுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஏறும். ஆகவே வாங்கிய மளிகையின் எடையை வைத்துப் பெட்டிக் கணக்குப் போட்டால் அது நிச்சயம் தப்பும். செய்து முடித்த பண்டத்தைத்தான் தராசில் வைக்க வேண்டும், பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துவைத்துக்கொண்டு.

நம்முடைய சாரெக்கு வருவோம். நாலு பண்டமும் நாலு குணம். பிரிக்கிற முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

லட்டு பிடிப்பதற்கு முன்னால் நம் சொல்லைக் கேட்கும், பிடித்த பிறகு கேட்காது. மாஸ்டர்கள் சும்மா உட்கார்ந்து கைபோன போக்கில் பிடித்துத் தள்ளினால் முதல் தட்டில் 55 கிராம், கை சலித்த பிறகு கடைசித் தட்டில் 45 கிராம் என்று வரும். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் உதவாது. பாகேறிய பூந்தி அண்டாவில் இருக்கும்போதே 8.6 கிலோ என்று எடை தெரிந்துவிட்டது. வீட்டுக்கு நாலு லட்டு, 42 வீட்டுக்கு 168. வகுத்தால் லட்டுக்கு 51 கிராம் வரும், அண்டாவும் காலியாகும். இந்த இடத்தில் அனுபவப்பட்டவள் நிறுத்திவிடுவாள். “51 வேணாம் மாஸ்டர், 49 பிடிங்க” என்பாள். இரண்டு கிராம் குறைத்தது கஞ்சத்தனத்தால் இல்லை. 49 கிராமுக்குப் பிடித்தால் 175 லட்டு வரும். வீடுகளுக்கு 168 போக ஏழு மிஞ்சும். அந்த ஏழுக்கு அவளிடம் வேலை இருக்கிறது. மீதி என்பது கடைசியில் தானாகக் கிடைப்பதில்லை, தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்தால்தான் உண்டு.

ஒரு லட்டைத் தராசில் பிடித்துக் காட்டி, அந்த உருண்டைக்குத் தகுந்த குழிக்கரண்டி ஒன்றைத் தேர்ந்து, அதால் அள்ளி அள்ளிப் பிடிக்கச் சொன்னால் போதும். இருபது லட்டுக்கு ஒருதரம் ஒன்றைத் தராசில் போட்டுப் பார்க்கலாம். சூடு குறையக் குறையப் பூந்தி இறுகும், அதே கரண்டியில் அப்போது எடை மாறும். அதைக் கவனிக்காவிட்டால் கரண்டி இருந்தும் பயனில்லை.

மைசூர்பாகு இன்னொரு ஜாதி. அதைத் தட்டில் ஊற்றிக் கத்தியால் கீறுகிறோம். ஆகவே எண்ணிக்கை நம் கையில் இருக்கிறது, கோடு எத்தனை போடுகிறோம் என்பதுதான் கணக்கு. 42 என்ற எண் இங்கே ஒரு உபகாரம் செய்கிறது. அது ஆறேழு. ஒரு தட்டை ஒரு பக்கம் ஆறாகவும் மறு பக்கம் ஏழாகவும் கீறினால் தெருவுக்கு ஒரு தட்டு, வீட்டுக்கு ஒரு வில்லை. மூன்று தட்டு ஊற்றினால் வீட்டுக்கு மூன்று வில்லை, மொத்தம் 126. வில்லைக்கு 51 கிராமும் சில்லறையும். 41 வீடாகவோ 43 வீடாகவோ இருந்திருந்தால் இந்தச் சௌகரியம் கிடையாது, எந்த நீள அகலத்திலும் கோடு சரியாக விழாமல் ஓரத்தில் ஒரு துண்டு அனாதையாக நிற்கும்.

ஆனால் மைசூர்பாகில் எல்லா வில்லையும் ஒன்றில்லை என்பது தின்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் சூடு அடங்காமல் நின்று வெந்து, பொன்னிறமாகிப் பொரபொரவென்று இருக்கும். ஓரம் சட்டென்று ஆறி வெளுத்து இறுகியிருக்கும். ஆறேழு கட்டத்தில் ஓர வில்லை 22, உள் வில்லை 20. மூன்று தட்டிலும் ஒரே மூலையிலிருந்து எடுத்து வரிசையாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே போனால் முதல் வீட்டுக்கு மூன்றும் ஓரம், நடுவிலிருக்கிற வீட்டுக்கு மூன்றும் நடு. எடை சரி, எண்ணிக்கை சரி, ஆனாலும் ஒரு வீடு ஏமாந்தது. ஓர வில்லையையும் உள் வில்லையையும் முதலில் இரண்டு தாம்பாளமாகப் பிரித்து வைத்துவிட வேண்டும். மூன்று தட்டுக்கும் சேர்த்து ஓரம் 66. பதினெட்டு வீட்டுக்கு ஓரம் ஒன்று, நடு இரண்டு. மிச்சம் இருபத்துநாலு வீட்டுக்கு ஓரம் இரண்டு, நடு ஒன்று. இதற்குமேல் சமப்படுத்த முடியாது. தட்டுக்குத் தட்டு பதமும் மாறும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தட்டிலிருந்தும் ஒவ்வொன்று போகிற மாதிரி பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. இவ்வளவு எதற்கு என்று ஆண்கள் கேட்பார்கள். தெருவில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் ஆண்கள் இல்லை.

முறுக்குதான் கணக்கைக் கெடுக்கிறது. 3.9 கிலோ, ஒன்று முப்பது கிராம், ஆக 130 முறுக்கு. வீட்டுக்கு மூன்று என்றால் 126. நாலு மிச்சம்கூட இருக்கிறது என்று தோன்றும். தோன்றுவது காகிதத்தில். சட்டியிலிருந்து எடுத்து, வடியவிட்டு, டின்னில் அடுக்கி, ஆட்டோவில் ஏற்றி இறக்கினால் பத்துக்கு ஒன்று உடையும். உடையாமல் வந்தது 117. மூன்று வீதம் கொடுக்க ஒன்பது குறைகிறது. ஒன்பது வீட்டுக்கு மட்டும் உடைந்ததை வைப்பதா? அந்த ஒன்பது வீடு எது என்று யார் முடிவு செய்வது? வேறு வழியில்லை, வீட்டுக்கு இரண்டு என்று இறங்கத்தான் வேண்டும். 84 முறுக்கு போய் 33 முழு முறுக்கு நிற்கும். குறைவது ஒன்பது, மிஞ்சுவது முப்பத்துமூன்று. முழுசாகக் கொடுக்கிற பண்டத்தில் கணக்கு இப்படிப் படியிறங்கும், சரிவில் சறுக்காது. எல்லாப் பண்டத்திலும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது உடையாமல் நிற்பது எத்தனை என்பதைத்தான்.

உடைந்த பதின்மூன்றை என்ன செய்வது என்று எந்த மாஸ்டரும் யோசிக்க மாட்டார். நொறுக்கி மிக்சரில் கலந்துவிடுவார். நாமும் காலம்காலமாக அதைத் தனிச் சுவை என்று எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறோம். 390 கிராம் ஏறி மிக்சர் 11.39 கிலோ ஆகிறது.

இப்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். லட்டு நாலு, 196 கிராம். மைசூர்பாகு மூன்று, 155 கிராம் கிட்ட. முறுக்கு இரண்டு, 60 கிராம். ஆக 411. பெட்டி மொத்தம் எவ்வளவு என்று இப்போதுதான் தீர்மானிக்க வேண்டும், முன்னால் இல்லை. 675 என்று வைத்தால் மிக்சர் 264 கிராம் வீதம் சரியாக வருகிறது, கொஞ்சம் கையிலும் நிற்கிறது. இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க இந்த வரிசைதான். எண்ணுகிற பண்டம் முன்னால் போகும், அள்ளுகிற பண்டம் பின்னால் வரும். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, லட்டு, பாகு, முறுக்கு வைத்து, கடைசியில் மிக்சரை 675 வரும்வரை சேர்த்தால், லட்டு 48 கிராமாக வந்திருந்தாலும் வில்லை ஒரு நூல் தடித்திருந்தாலும் மிக்சர் அதைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். மிக்சரை முதலில் 264, 264 என்று கவரில் கட்டிவைத்துவிட்டு அப்புறம் பெட்டி நிரப்புகிறவர்கள் கடைசியில் லட்டைக் கிள்ளிக்கொண்டு நிற்பார்கள்.

அள்ளிப் போடுவது என்றாலும் இனிப்பின் மேலேயே கொட்டக்கூடாது. மிக்சரின் பூண்டும் பெருங்காயமும் ஒரே ராத்திரியில் மைசூர்பாகில் இறங்கிவிடும். லட்டின் ஈரத்தில் முறுக்கு நமுத்துப்போகும். திருச்சானூரில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்காலம், டின்னைத் திறந்துவைத்தாலே காரம் பதம் போய்விடும். ஆகவே முறுக்குக்கும் மிக்சருக்கும் தனித்தனிக் கவர், இனிப்புக்குக் கீழே பட்டர் பேப்பர். இவை அத்தனையையும், மூடியையும் சேர்த்து வைத்துத்தான் தராசைப் பூஜ்யமாக்க வேண்டும். கெட்டி அட்டைப் பெட்டி ஒன்று எழுபது கிராம்கூட இருக்கும், கிட்டத்தட்ட ஒன்றரை மைசூர்பாகு. பெட்டியோடு சேர்த்து நிறுத்து இனிப்பு விலை வாங்கக்கூடாது என்று எடையளவுச் சட்டம் சொல்கிறது. பண்டிகை நாள் கூட்டத்தில் தராசைக் கவனிக்க யாருக்கு நேரம்?

கை தாராளம் என்று ஒன்று இருக்கிறது. பெண் வீட்டுக்காரி பெட்டி நிரப்பினால் முள் 675இல் நிற்காது. ஒரு சிட்டிகை கூடப் போட்டு, “இருக்கட்டும்” என்பாள். டிஜிட்டல் தராசில் 680 காட்டும், 685 காட்டும். பெட்டிக்கு ஐந்து கிராம் என்றால் நாற்பத்திரண்டு பெட்டிக்கு 210 கிராம். நாம் கையில் வைத்திருந்த மிக்சர் மீதியே 290 கிராம் சில்லறைதான், அது தாங்கும். பெட்டிக்குப் பத்து கிராம் போனால் 420, தாங்காது. கடைசிப் பெட்டிக்கு வரும்போது அண்டாவில் பாதிப் பெட்டிக்குச் சற்று மேல்தான் மிக்சர் இருக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இருபத்தொரு பெட்டி முடிந்ததும் நிறுத்திவிட்டு அண்டாவைத் தராசில் ஏற்ற வேண்டும். மிக்சர் 5.85 கிலோ இருக்க வேண்டும். 5.8க்குக் கீழே போயிருந்தால் கை சாய்கிறது என்று அர்த்தம். அப்போதுகூடச் சரிசெய்ய மிச்சப் பாதித் தெரு இருக்கிறது. நாற்பதாவது பெட்டியில் தெரிந்தால் கட்டிய பெட்டிகளைப் பிரிக்க வேண்டியதுதான். நிரப்புகிறவள் ஒருத்தி, முள்ளைப் பார்க்கிறவள் இன்னொருத்தி என்று வைத்துக்கொள்வது குடும்ப சமாதானத்துக்கும் நல்லது. அம்மா நிரப்பட்டும், சித்தி தராசைப் பார்க்கட்டும். சித்திக்கு இரக்கம் குறைவு.

எடையில் சமம் என்றால் எல்லாம் சமமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. லட்டில் குறைந்த கிராமை மிக்சரில் ஈடுகட்டுகிறோம். நெய்யும் முந்திரியும் போன இடத்தில் கடலைமாவும் பொரியும் வருகிறது. தராசுக்கு அது தெரியாது. தெருவுக்குத் தெரியும், ஆனால் மூன்று கிராம் அளவில் தெரியாது. அதற்குத்தான் லட்டும் வில்லையும் எண்ணிக்கையில் பிசகக்கூடாது என்பது. பங்கு வாங்குகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். எடை கொடுக்கிறவர்களின் மனச்சாட்சிக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் வீடு என்ற அளவுகோலிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக இருக்கிற வீட்டுக்கும் நாலு லட்டு. ஒன்பது பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்துக்கும் நாலு லட்டு. தலைக்கு ஒரு லட்டு என்று போயிருந்தால் நியாயம் கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் தலையை எண்ணப் போனால் அந்த வீட்டுக்குள் நுழைந்து எண்ண வேண்டும். யார் பிரிந்து போனார்கள், யார் திரும்பி வந்திருக்கிறார்கள், மாடியில் இருப்பது தனிக் குடும்பமா இல்லையா என்றெல்லாம் கேட்க வேண்டும். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிற ஊர்களும் இதனால்தான் அடுப்பை எண்ணுகின்றன, வாயை எண்ணுவதில்லை. அதிலும் தகராறு உண்டு. ஒரே வாசலில் அண்ணனும் தம்பியும் இரண்டு அடுப்பு வைத்திருந்தால் சாரெ ஒன்றா இரண்டா? சம்பந்தியம்மா போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாளே, அவள் எண்ணிக்கொண்டிருந்தது வாசல்களை இல்லை, இதைத்தான்.

சமமாகப் போடுவது ஒன்றே பங்கு போடும் முறையென்றும் சொல்ல முடியாது. இதே மலையின் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் சமையல் கணக்கு. யாரோ ஒருவர் பணமோ ஊரோ எழுதிவைத்து, இன்ன திருநாளில் இத்தனை அப்பப்படி, இத்தனை அதிரசப்படி, இத்தனை வடைப்படி அமுது செய்விக்க ஏற்பாடு செய்கிறார். அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று அளவெல்லாம் கல்லில் இருக்கும். அதைவிட ருசியானது அதற்குப் பிறகு வருகிற பகுதி, செய்த பிரசாதத்தை எப்படிப் பிரிப்பது என்பது. கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். மிச்சம் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கும் கைங்கரியம் செய்தவர்களுக்கும் அவரவர் முறைப்படி. அந்த நிர்வாகத்தில் திருச்சானூருக்கும் இடம் இருந்தது, திருச்சுகனூர் சபையார் என்ற பெயரில்.

கல்வெட்டுப் பங்கில் யாருக்கும் யாரும் சமமில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது கல்லில் இருந்தது, அதனால் சண்டைக்கு இடம் குறைவு. நம் தெருவுக்குக் கல்வெட்டு கிடையாது. யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்று எழுதிவைக்க யாருக்கும் தைரியமில்லாத இடத்தில்தான் 675, 675, 675 என்று ஒரே எண்ணில் போய் ஒளிந்துகொள்கிறோம். படிக்கு 51 உருப்படி என்று வைத்து நாலில் ஒன்று எடுத்தால் பன்னிரண்டே முக்கால் வருகிறது. முக்கால் அப்பத்தை யார் கொடுப்பார்கள், யார் வாங்குவார்கள்? கணக்கு எழுதியவர்களும் ஏதோ ஒரு பக்கம் முழுசாக்கித்தான் தீர்த்திருப்பார்கள். எந்தப் பக்கம் முழுசாக்குகிறார்கள் என்பதில் அந்தக் காலத்து அதிகாரம் தெரியும். இந்தக் காலத்து அதிகாரமும் அதில்தான் தெரிகிறது.

மீதிக்கு வேலை இருக்கிறது என்றேனே. நாற்பத்திரண்டு பெட்டி போக நிற்பது ஏழு லட்டு, முப்பத்துமூன்று முறுக்கு, 290 கிராம் சில்லறை மிக்சர். பால்காரர், பூக்காரம்மா, வீட்டு வேலைக்கு வருகிறவள், குப்பை எடுக்க வருகிறவர், தெரு வாட்ச்மேன் என ஐந்து பொட்டலம். லட்டு ஒன்று, முறுக்கு ஆறு, மிக்சர் ஒரு பிடி. இவர்கள் வீட்டுக் கணக்கில் வருவதில்லை, தெருவில் நடமாடுகிறவர்கள், தெருவில் வீடு இல்லாதவர்கள். லட்டை 51இல் பிடித்திருந்தால் இவர்கள் பொட்டலத்தில் முறுக்கும் மிக்சரும் மட்டுமே இருந்திருக்கும், இனிப்பே இருந்திருக்காது. சாரெயில் இனிப்பில்லாத பொட்டலம் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல். ஐந்துக்கும் மைசூர்பாகு இல்லை என்பதை நானும் கவனித்தேன். ஆறேழு கட்டம் சரியாக விழுந்த சந்தோஷத்தில் நாலாவது தட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கணக்கு மிக அழகாக முடிகிற இடத்தில் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார்.

பெட்டிகள் கட்டி முடிந்து, பெண் வீட்டார் வேன் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, மறுநாள் காலை விநியோகம் என்கிற நிலையில் ராத்திரி எட்டு மணிக்குச் சம்பந்தியம்மாவுக்கு ஞாபகம் வரும். கோடி வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை எண்ணவே இல்லை. மாடியும் கீழும் ஒரே பெட்டி என்று சொல்ல முடியாது, அடுப்பு வேறு. நாற்பத்துமூன்று.

காரம் இதைச் சுலபமாகத் தாங்கும். முறுக்கு இரண்டு மீதியில் இருக்கிறது. மிக்சர் 264 கிராமும் மீதியிலிருந்தே வரும், பொட்டலங்களுக்கு வேண்டுமானால் முழு முறுக்கில் சிலதை நொறுக்கிக்கொள்ளலாம். லட்டு ஏழில் நாலு போய் மூன்று நிற்கும். மைசூர்பாகுதான் கிடையாது. மூன்று தட்டும் நாற்பத்திரண்டுக்குக் கச்சிதமாகத் தீர்ந்துவிட்டது. கடையில் கால் கிலோ வாங்கி வைக்கலாம் என்று மகன் சொல்வான். கடைப் பாகின் நிறம் வேறு, வெட்டு வேறு, மாடிக்காரி கீழ்வீட்டுக்காரியோடு பேசுகிற முதல் பேச்சே அதுவாக இருக்கும்.

சம்பந்தியம்மா தன் வீட்டுப் பெட்டியைப் பிரித்தாள். நாற்பத்திரண்டில் அதுவும் ஒன்று. மூன்று வில்லையும் மாடி வீட்டுக்குப் போயிற்று. லட்டில் இரண்டு எடுத்துப் பொட்டலங்களின் கணக்கை ஐந்தாக்கினாள். தராசைத் திரும்ப எடுக்கவில்லை. மிச்சம் இருந்த இரண்டு லட்டையும் இரண்டு முறுக்கையும் மிக்சரையும் ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி, “நம்ம வீட்டுக்கு இதான், சாப்பிடுங்கோ” என்று கூடத்தில் வைத்தாள். மருமகள் ஒரு லட்டை எடுத்து, கொண்டுவந்த வீட்டுக்காரி என்ற முறையில் பாதியைப் புருஷனுக்குக் கொடுத்துவிட்டு, “பாகு எங்கே அத்தே?” என்று கேட்டாள்.